சிக்கிள் செல் நோய்க்கு ஹைட்ராக்ஸியூரியா: அளவு, ரத்த எண்ணிக்கை, கர்ப்பத் திட்டம் – முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணைக்கு மேலே இருக்கும் குடியிருப்புகளில் இருந்தோ, கடையாலுமூடு, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருந்தோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து போவது என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் ஹைட்ராக்ஸியூரியா எழுதிக் கொடுக்கப்பட்ட பலர் காப்ஸ்யூலை ஒழுங்காக விழுங்கிவிட்டு, ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடுகிறார்கள். இந்த மருந்தில் அப்படிச் செய்ய முடியாது. அடுத்த மாதம் எத்தனை காப்ஸ்யூல் என்பதை முடிவு செய்வதே ரத்த அறிக்கைதான்.

நோயாளி திருமண வயதில் இருக்கும் பெண் என்றால் இதனுடன் கர்ப்பக் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. அப்படி ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்து ஆரம்பம் முதல் போவோம். வயது 24, எடை 48 கிலோ, இரு பெற்றோரிடமிருந்தும் சிக்கிள் மரபணு வந்த எஸ்.எஸ். வகை நோய். வருடத்தில் நாலு தடவையாவது எலும்பு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுக்கிறார். அடுத்த வருடம் கல்யாணம். கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார்.

மருந்து என்ன செய்கிறது

சிக்கிள் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை விட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல நீண்டு, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைக்கிறது. வளைந்த அணு நுண்ணிய ரத்தக் குழாயை அடைக்கும்போது வருவதுதான் அந்த வலி. தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கெல்லாம் இருந்த கருக்கால ஹீமோகுளோபின், அதாவது எச்.பி.எஃப்., இந்த ஒட்டுதலில் சேராது. ஹைட்ராக்ஸியூரியா எச்.பி.எஃப். அளவை மறுபடி கூட்டுகிறது. கூடவே குழாய்ச் சுவரில் ஒட்டி அடைப்பைப் பெரிதாக்கும் வெள்ளையணுக்களையும் குறைக்கிறது.

அமெரிக்காவில் பெரியவர்கள் 299 பேரிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், வலித் தாக்குதல் வருடத்துக்கு 4.5 என்ற நடுமதிப்பில் இருந்து 2.5 ஆகக் குறைந்தது. நெஞ்சுச் சிக்கலும் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் ஏறக்குறைய பாதியாகின. மருந்து நோயைத் தீர்த்துவிடாது, மரபணுவையும் மாற்றாது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இது வலி மாத்திரையும் அல்ல. வலி வந்த அன்று இரண்டு காப்ஸ்யூல் கூடுதலாக விழுங்கினால் வலி குறையாது, இரண்டு வாரம் கழித்து ரத்த அணுக்கள்தான் குறையும். வலிக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களிலும் மருத்துவர் நிறுத்தச் சொல்லாதவரை வழக்கமான அளவு தொடர வேண்டும். 'வேறு மாத்திரை தருகிறார்களே' என்று இதை வீட்டில் வைத்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கும் பிழை.

சிக்கிள் மரபணு ஒன்றே ஒன்று உள்ளவர்களுக்கு, அதாவது கேரியர்களுக்கு, இந்த மருந்து தேவையில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் உண்டு. முகாமில் அட்டை வாங்கியவர்கள் அதில் 'நோய்' என்று இருக்கிறதா 'கேரியர்' என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்த முடிவு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனையில் உறுதியானதாகவும் இருக்க வேண்டும். கரைதிறன் பரிசோதனை சிக்கிள் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், நோயையும் கேரியரையும் பிரித்துக் காட்டாது.

முதல் காப்ஸ்யூலுக்கு முன்

சி.பி.சி. என்னும் முழு ரத்த எண்ணிக்கை, ரெட்டிகுலோசைட் என்னும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை, எச்.பி.எஃப். அளவு, கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை ஆகியவை வேண்டும். பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனையும் கட்டாயம். கல்யாணமாகாத பெண்ணிடம் இதைக் கேட்க வீட்டார் சங்கடப்படுவார்கள். மருத்துவர் எல்லாரிடமும் கேட்கும் வழக்கமான கேள்விதான் இது என்று அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லிவிட்டால் அரை நிமிடத்தில் முடிகிற விஷயம்.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் தொடக்க எண்கள்: ஹீமோகுளோபின் 8.1, மொத்த வெள்ளையணு 11,800, அதில் நியூட்ரோபில் என்னும் வகை 58 சதவீதம், தட்டணு 3.9 லட்சம், சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 84, எச்.பி.எஃப். 11 சதவீதம், கிரியாட்டினின் 0.6. இந்தத் தாளைத் தொலைக்கக் கூடாது. பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

அளவுக் கணக்கு

பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்கம் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் தினமும் ஒரு வேளை. நம் நாட்டில் சிலர் 10 மி.கி.யில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 5 முதல் 10 வரைதான். குழந்தைகளுக்கு 20 மி.கி. என்ற கணக்கு உண்டு. ஒன்பது மாதக் குழந்தை முதல் கொடுக்கலாம் என்றாலும் அது தனிக் கதை.

48 கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 720 மி.கி. கடையில் பெரும்பாலும் கிடைப்பது 500 மி.கி. காப்ஸ்யூல். அதைத் திறந்து தூளைப் பாதியாகப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று மாற்றி மாற்றி எடுத்தால் சராசரி 750 மி.கி., அதாவது கிலோவுக்கு 15.6 வந்துவிடும். எந்த நாளில் எத்தனை என்பதில் குழம்பாமல் இருக்க, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் ஒற்றைத் தேதிக்கு ஒன்று, இரட்டைத் தேதிக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். 31ஆம் தேதியை அடுத்து 1ஆம் தேதி வரும்போது மட்டும் ஒற்றை இரண்டு தடவை வரும். அதனால் மோசமில்லை.

குமட்டல் வந்தால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துவிட்டுப் படுப்பது நல்லது. விடியுமுன் பால்வெட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இந்த நேரமே வசதி. ஒரு நாள் மறந்துவிட்டால் மறந்ததுதான், மறுநாள் சேர்த்து எடுக்கக் கூடாது. காப்ஸ்யூலைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் உடைந்த காப்ஸ்யூலையும் தூளையும் தொடாமல் இருப்பது நல்லது. நகம் கறுப்பதும் முடி கொஞ்சம் மெலிவதும் சிலருக்கு வரும், அவற்றால் ஆபத்தில்லை. காலில் புண் வந்து ஆறாமல் இருந்தால் காட்ட வேண்டும்.

அறிக்கையை வாசிப்பது

அளவு ஏற்றும் காலத்தில் குறைந்தது நாலு வாரத்துக்கு ஒரு முறை சி.பி.சி. எடுக்க வேண்டும். அளவு ஒரே நிலையில் நின்ற பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். மாத்திரை வாங்கும் நாளையும் ரத்தம் கொடுக்கும் நாளையும் ஒன்றாக்கிக் கொண்டால் கூலி ஒரு நாளோடு போகும். மாதப் பரிசோதனையைப் பக்கத்தில் குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ எடுத்து, தாளை மட்டும் மருத்துவருக்குக் காட்ட ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகமாக இருக்கட்டும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய எண் அதில் அச்சாகி இருக்காது, நாம்தான் கணக்கிட வேண்டும். மொத்த வெள்ளையணுவை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். சில ஆய்வகங்கள் நியூட்ரோபில் என்பதற்குப் பதில் பாலிமார்ஃப் என்று போடும், இரண்டும் ஒன்றுதான். தொடக்கத்தில் நம் பெண்ணுக்கு 11,800 × 58 ÷ 100 = 6,844. மருந்தைக் கொண்டு இந்த எண்ணை 2,000க்கும் 4,000க்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவ்வளவு இறங்கினால்தான் மருந்து முழு அளவுக்கு வேலை செய்கிறது என்று பொருள். வெள்ளையணு குறைகிறதே என்று பயந்து, மருத்துவர் கூட்டச் சொன்ன காப்ஸ்யூலை வீட்டிலேயே குறைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆறு மாதத்திலும் வலி குறையாது, பழி மருந்தின் மேல் விழும்.

எட்டாவது வாரம்: மொத்தம் 9,000, நியூட்ரோபில் 55 சதவீதம். கணக்கு 4,950. தட்டணு 3.1 லட்சம். இன்னும் இறங்க இடம் இருக்கிறது. எட்டு வாரத்துக்கு ஒரு முறை கிலோவுக்கு 5 மி.கி. ஏற்றலாம் என்பது விதி. 48 கிலோவுக்கு அது 240 மி.கி. 750உடன் சேர்த்தால் 990, ஆகவே தினமும் இரண்டு காப்ஸ்யூல். உச்ச வரம்பு கிலோவுக்கு 35 மி.கி. ஆனாலும் பலருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது.

பதினாறாவது வாரம்: மொத்தம் 7,400, நியூட்ரோபில் 50 சதவீதம். கணக்கு 3,700. எம்.சி.வி. 101, எச்.பி.எஃப். 17 சதவீதம், ஹீமோகுளோபின் 9.2. இலக்குக்குள் வந்துவிட்டதால் அளவு இதிலேயே நிற்கலாம். எம்.சி.வி. 84இல் இருந்து 101க்கு ஏறியது நல்ல அடையாளம். மருந்து சிவப்பணுவைப் பெரிதாக்கும், அதனால் மருந்து உள்ளே போகிறதா என்பதை இந்த எண் காட்டிக்கொடுக்கும். மூன்று மாதமாகியும் அசையாமல் இருந்தால் மருத்துவர் முதலில் கேட்பது 'ஒழுங்காக எடுக்கிறாயா' என்றுதான். ஒழுங்காக எடுத்தும் ஏறவில்லை என்றால் இரும்புச்சத்துக் குறைவோ ஆல்ஃபா தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறைபாடோ கூட இருக்கலாம். ஆகவே மற்றவரின் எம்.சி.வி.யோடு ஒப்பிடாமல் உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

எண் இறங்கினால்

இருபத்தெட்டாவது வாரம், மழைக்காலம், நாலு நாள் காய்ச்சல். அறிக்கை: மொத்தம் 3,600, நியூட்ரோபில் 31 சதவீதம், தட்டணு 76,000. கணக்கு 1,116. இப்போது அன்றே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பெரியவர்களுக்கு நியூட்ரோபில் 2,000க்குக் கீழே போனாலோ தட்டணு 80,000க்குக் கீழே போனாலோ எச்சரிக்கை. முன்பிருந்தே எண்ணிக்கை குறைவாக உள்ள இளையவர்களிடம் சில மருத்துவர்கள் 1,250 வரை பொறுத்துப் பார்ப்பார்கள். அந்த முடிவு அவர்களுடையது.

நிறுத்திய பின் வாரம் ஒரு முறை சி.பி.சி. எண்கள் மீண்டு வந்ததும், முன்பிருந்ததைவிடக் கிலோவுக்கு 5 மி.கி. குறைத்து மறுபடி தொடங்குவது வழக்கம். நம் பெண்ணுக்கு அது 1,000இல் இருந்து பழைய 750. காய்ச்சலால் இறங்கியதா மருந்தால் இறங்கியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். டெங்குவும் தட்டணுவைத் தள்ளும், மற்ற வைரஸ் காய்ச்சல்களும் வெள்ளையணுவைக் குறைக்கும். ரப்பர் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்பவருக்கு எலிக்காய்ச்சலும் உண்டு. ஆகவே 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒரே ஒரு அறிக்கையை வைத்து ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம்.

ஹீமோகுளோபினோடு ரெட்டிகுலோசைட்டையும் சேர்த்துப் பாருங்கள். சதவீதமாக வந்தால் சிவப்பணு எண்ணிக்கையோடு பெருக்க வேண்டும். சிவப்பணு 26 லட்சம், ரெட்டிகுலோசைட் 4 சதவீதம் என்றால் 1,04,000. ஹீமோகுளோபின் 9க்குக் கீழே இருக்கும்போது இந்த எண் 80,000க்குக் கீழே இருந்தால் எலும்பு மஜ்ஜை புதிய அணுவைப் போதுமான அளவு உருவாக்கவில்லை. அளவு அதிகமாகி இருக்கலாம், பார்வோவைரஸ் தொற்றாகவும் இருக்கலாம். திடீரென வெளிறி, மூச்சு வாங்கினால் எண்ணுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எண்களே ஏமாற்றும் இடம் இரண்டு உண்டு. சிக்கிள் நோயாளியின் ரத்தத்தில் உட்கரு உள்ள சிவப்பணுக்கள் சுற்றும். இயந்திரம் அவற்றையும் வெள்ளையணு என்று எண்ணிவிட்டால் மொத்தம் பொய்யாக அதிகமாகும். தட்டணுக்கள் குழாயிலேயே கட்டிக்கொண்டால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். இரண்டுக்கும் தீர்வு, கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வதுதான். எண் திடீரென்று குதித்தாலோ விழுந்தாலோ கேட்டு வாங்குங்கள். மலையில் ரத்தம் எடுத்து, மாலை பஸ்ஸில் கீழே அனுப்புவதும் சரியல்ல. சி.பி.சி. மாதிரியை எடுத்த சில மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும்.

எண்ணிக்கை எப்படி இருந்தாலும் 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஈறில் ரத்தம் என்று வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

குழந்தை வேண்டும் என்றால்

விலங்குகளில் அதிக அளவில் கொடுத்தபோது ஹைட்ராக்ஸியூரியா கருவில் குறைபாடுகளை உண்டாக்கியது. மனிதரில் தெரியாமல் கர்ப்பமானவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் பிறவிக் குறை தெளிவாகக் கூடியதாகக் காணப்படவில்லை. ஆனால் பார்க்கப்பட்ட எண்ணிக்கை சிறியது. கருச்சிதைவு கூடலாம் என்று ஓர் ஆய்வும் சுட்டுகிறது. எனவே விதி இதுதான்: கருத்தரிக்க முயலும் முன்பே நிறுத்த வேண்டும். பல வழிகாட்டிகள் குறைந்தது 3 மாதம் என்கின்றன, மருந்தோடு வரும் குறிப்பு பெண்ணுக்கு 6 மாதம் என்கிறது.

நிறுத்திய நாளில் இருந்து வலி மறுபடி கூடத் தொடங்கும். அதனால் நிறுத்துவதற்கு முன்பே சில வேலைகள் முடிந்திருக்க வேண்டும். முதலில் மணமகனுக்கு எச்.பி.எல்.சி., அதுவும் முடிந்தால் நிச்சயத்துக்கு முன்பே. அவர் சிக்கிளோ பீட்டா தலசீமியாவோ கேரியராக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கேரியர் இல்லை என்றால் எல்லாக் குழந்தையும் சிக்கிள் கேரியர்தான், நோய் வராது. கேரியர் என்று தெரிந்தும் கல்யாணம் நடந்தால், கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பரிசோதிக்கும் வழி உண்டு, அதற்கு முன்கூட்டியே பெரிய மருத்துவமனையில் பேசியிருக்க வேண்டும். இரண்டாவது, நிறுத்தும் காலத்தில் வலி அடிக்கடி வந்தால் ரத்தம் ஏற்றும் திட்டம் என்ன என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தினமும் தொடரும்.

அதுவரை கருத்தடை கட்டாயம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவதால் சிக்கிள் பெண்ணுக்கு நல்லதல்ல. அரசுத் திட்டத்தில் 'அந்தரா' என்ற பெயரில் போடும் மூன்று மாத ஊசி புரோஜெஸ்டின் மட்டும் உள்ளது, பலருக்கு இது ஒத்துப்போகிறது. ஆனால் ஊசியை விட்ட பிறகு மாதவிடாய் பழைய ஒழுங்குக்கு வரச் சில மாதம் பிடிக்கும். எப்போது கடைசி ஊசி என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் பெண் கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துக் குழந்தை என்று நினைத்தால், ஊசியை முதலில் நிறுத்தி ஆணுறைக்கு மாறுவது, பிறகு காப்ஸ்யூலை நிறுத்துவது, மூன்று மாதம் கழித்து முயல்வது என்று வரிசைப்படுத்தலாம். கருத்தடை இல்லாமல் மருந்து தொடர்ந்து, மாதவிடாய் ஒரு வாரம் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் பாருங்கள்.

மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் தெரிந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மட்டுமே காரணமாகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் உறுப்பு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். கர்ப்பத்தின் 12ஆம் வாரம் முதல் பல மருத்துவர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். வலிக்கு வழக்கமாக வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கர்ப்பிணி சொந்தமாக எடுக்கக் கூடாது.

பிரசவத்துக்குப் பின் பாலூட்டும் காலத்தில் மருந்து வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. பாலில் மிகக் கொஞ்சமே போகிறது என்று சிறிய ஆய்வு ஒன்று காட்டியிருப்பதால், வலி கடுமையாக இருந்தால் சிலருக்கு மருத்துவர் விதிவிலக்கு தரலாம். மறுபடி தொடங்கும்போது பிரசவத்துக்குப் பின் எடுத்த புதிய சி.பி.சி.யும் புதிய எடையும்தான் கணக்குக்கு அடிப்படை, பழைய அளவில் இருந்து தொடரக் கூடாது.

ஆண்களுக்கு

சிக்கிள் நோயே விந்தணுவைக் குறைக்கும், ஹைட்ராக்ஸியூரியா இன்னும் குறைக்கலாம். நிறுத்திய பிறகு பெரும்பாலும் மீளும், எல்லாருக்கும் மீளாது. ஆகவே பருவம் வந்த ஆண்கள் மருந்து தொடங்குமுன் விந்துப் பரிசோதனை ஒன்று எடுத்து வைப்பது நல்லது, வசதியிருந்தால் விந்தை உறைய வைத்துச் சேமிக்கவும் கேட்கலாம். குழந்தைக்கு முயலும் முன் அவர்களும் நிறுத்த வேண்டும். விந்தணு உருவாகி வரச் சுமார் மூன்று மாதம் ஆவதால் அதற்குக் குறைந்து நிறுத்திப் பயனில்லை. மருந்துக் குறிப்புகள் ஆணுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சொல்கின்றன. விந்தணு குறைவதைக் கருத்தடையாக நம்ப வேண்டாம், எண்ணிக்கை குறைந்தவருக்கும் குழந்தை பிறக்கும்.

பெண்களின் முட்டைச் சேமிப்பு குறைகிறதா என்பதில் இன்னும் உறுதியான முடிவு வரவில்லை. சில ஆய்வுகளில் ஏ.எம்.எச். என்னும் ஹார்மோன் குறைவாகக் காணப்பட்டது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டாம், மருந்து இல்லாத ஒவ்வொரு மாதமும் வலிக்கான அபாயம் கூடியே இருக்கும். ஏ.எம்.எச்., ஸ்கேன், கணவருக்கு விந்துப் பரிசோதனை ஆகியவற்றைச் சீக்கிரமே எடுத்துப் பார்த்துவிட்டு, தொடர்ந்து முயல்வதா, மருந்துக்குத் திரும்புவதா என்று அப்போதே பேசி முடிவெடுக்கலாம்.